ஒரே மரத்தின் நூறு நகல்கள்: தன் மகரந்தத்தை ஏற்காத பழமரங்கள்

தெள்ளார், தேசூர், வந்தவாசிப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்கள் நிறைய உண்டு. மணிலாக்கொட்டை போட்டுப் பார்த்தவர்கள் களையெடுக்கவும் பறிக்கவும் ஆள் கிடைக்காமல் மரப்பயிர் பக்கம் திரும்புகிறார்கள். மா வைக்கிறார்கள், ஒட்டு நெல்லி வைக்கிறார்கள், சில ஆண்டுகளாகக் கல்தூண் நட்டு டிராகன் பழமும் ஏற்றுகிறார்கள். இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு சிக்கல் இருக்கிறது. கன்று நன்றாக வளரும், இலையில் நோய் இருக்காது, பூவும் கொட்டிக் கிடக்கும், ஆனால் காய் பிடிக்காது. உரம் போதவில்லை என்பார் ஒருவர். தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். பூவுக்கு மருந்து அடித்துப் பாருங்கள் என்று கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டுவார். தோட்டம் முழுவதும் ஒரே ரகமா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சில பழமரங்கள் தம்முடைய மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. மகரந்தம் உயிரோடு இருக்கும், சூலும் நல்ல நிலையில் இருக்கும், மகரந்தம் சூல்முடியில் போய் விழவும் செய்யும். ஆனாலும் விதை உருவாகாது, விதை உருவாகாததால் காயும் நிற்காது. அதே மகரந்தத்தை வேறொரு ரகத்தின் பூவில் வைத்தால் காய்க்கும். இந்தப் பூவிலேயே வேறொரு ரகத்தின் மகரந்தத்தை வைத்தாலும் காய்க்கும். இதைத் தன்னொவ்வாமை என்று சொல்லலாம். இது நோயோ மலட்டுத்தன்மையோ இல்லை. நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்கச் செடிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் வளர்த்துக்கொண்ட ஏற்பாடு இது.

காட்டில் இதனால் எந்த மரத்துக்கும் கேடு வந்ததில்லை. காட்டு நெல்லி ஒவ்வொன்றும் தனி விதையில் முளைத்தது. பக்கத்து மரம் உறவாக இருந்தாலும் வேறு மரம்தான். ஒட்டுக்கட்டுதல் வந்த பிறகு நிலைமை மாறியது. நல்ல காய் காய்த்த ஒரு தாய் மரத்திலிருந்து மொட்டு எடுத்து நூறு வேர்ச்செடிகளில் ஒட்டினால் நமக்குக் கிடைப்பது நூறு மரங்கள் அல்ல. நூறு தூர்களில் நிற்கும் ஒரே மரம். ஒன்றின் பூவிலிருந்து இன்னொன்றின் பூவுக்குத் தேனீ எத்தனை முறை போய்வந்தாலும், அது ஒரே மரத்தின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் போவதற்குச் சமம். டிராகன் செடியில் தண்டை வெட்டி நடும்போதும் இதுவேதான் நடக்கிறது. காய் ஒரே அளவில், ஒரே சுவையில் வர வேண்டும் என்று நாம் தேடித் தேடிச் செய்த வேலை, தன்னொவ்வாமை உள்ள பயிரில் காய்ப்பையே நிறுத்திவிடக்கூடும்.

பழத்தோட்டக்காரர்கள் இதை முதலில் கண்டுகொண்டது பேரிக்காயில்தான். செடிகள் சிலவற்றுக்குச் சொந்த மகரந்தம் பயன்படுவதில்லை என்று சார்லஸ் டார்வின் 1876-இல் வெளியிட்ட தன்மகரந்தச் சேர்க்கை, அயல்மகரந்தச் சேர்க்கை பற்றிய நூலிலேயே எழுதியிருந்தார். ஆனால் அதைத் தோட்ட அளவில் நிறுவியவர் அமெரிக்க வேளாண் துறையின் மெர்டன் வெயிட். வர்ஜீனியாவில் பார்ட்லெட் என்ற ஒரே பேரி ரகத்தை ஆயிரக்கணக்கில் வைத்த தோட்டங்களில் பூ பூத்தும் காய் குறைவாக இருந்தது. 1890-களில் வெயிட் பூக்களைப் பை கட்டி மூடினார். சிலவற்றுக்குச் சொந்த மகரந்தமும் சிலவற்றுக்கு வேறு ரக மகரந்தமும் வைத்துப் பார்த்தார். வேறு ரகம் வைத்த பூக்கள் காய்த்தன. பிற ரக மரங்கள் பக்கத்தில் நின்ற இடங்களில் மட்டும் பார்ட்லெட் ஏன் காய்த்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பேரி, ஆப்பிள், செர்ரி, பிளம் அடங்கிய குடும்பத்தில் இது எப்படி நடக்கிறது என்பது இன்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் சொல்லும் மரபணு ஒன்று இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒரு மரத்தில் இருப்பவை எஸ்1, எஸ்2 என்று வைத்துக்கொள்வோம். மகரந்தத்தூள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றை மட்டுமே தாங்கிப் போகும். சூல்முடியில் விழுந்த தூள் முளைத்து, ஒரு நுண்குழாயாகச் சூல்தண்டுக்குள் கீழே இறங்கும். அந்தத் தண்டின் திசுவில் ஒரு நொதி இருக்கிறது. அது குழாய்க்குள் புகுந்து, வளர்ச்சிக்குத் தேவையான ஆர்என்ஏவை அரித்துவிடக்கூடியது. வேறு அடையாளம் உள்ள குழாய் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டுத் தொடர்ந்து வளரும். தன் அடையாளமே கொண்ட நொதியை அதனால் செயலிழக்கச் செய்ய முடியாது. அதனால் குழாய் பாதி வழியில் வளர்ச்சி நின்று, சில நேரம் நுனி வெடித்து, மடிந்துபோகும். நுண்ணோக்கியில் பார்த்தால் சூல்தண்டின் மேல் பாதியிலேயே குழாய்கள் நின்றுபோயிருப்பது தெரியும். சூலுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

எஸ்1, எஸ்2 மரத்துக்கு எஸ்3, எஸ்4 மரத்தின் மகரந்தம் முழுவதும் உதவும். எஸ்1, எஸ்3 மரத்தின் மகரந்தத்தில் பாதி உதவும். இன்னொரு எஸ்1, எஸ்2 மரத்தின் மகரந்தம் ஒன்றுகூட உதவாது, அந்த மரத்துக்கு வேறு பெயர் இருந்தாலும் சரி. நடைமுறையில் இதுதான் முக்கியம். பெயர் வேறாக இருப்பதால் மட்டும் இரண்டு மரங்கள் வேறு மரங்களாகிவிடுவதில்லை. டெலிஷியஸ் ஆப்பிளில் ஒரு கிளை மட்டும் கூடுதல் சிவப்பாகக் காய்த்தால் அதைப் பிரித்தெடுத்துப் புதுப் பெயர் வைத்து விற்பார்கள். பழத்தின் நிறம் மாறியிருக்கும், உள்ளே அடையாளம் பழையதுதான். அப்படிப்பட்ட இரண்டு ‘ரகங்களை’ அடுத்தடுத்து நட்டாலும் ஒன்றுக்கொன்று உதவாது.

இமாசலப் பிரதேசம் இதில் நிறையவே பட்டது. சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-இல் கோட்கர் பகுதியில் கொண்டுவந்து வைத்த அமெரிக்க டெலிஷியஸ் ஆப்பிள் நல்ல விலைக்குப் போகவே, மலைச்சரிவு முழுவதும் அந்த இனமே பரவியது. மகரந்தம் தரும் கோல்டன் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்குச் சந்தையில் அவ்வளவு விலை இல்லாததால் விவசாயிகள் அவற்றைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மகரந்தம் தரும் ரகம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் நிலை வந்தது. மரம் வைத்துக் காய்க்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள், வேறு ரகத்தின் பூத்த கிளைகளை வெட்டி, தண்ணீர் ஊற்றிய பாலித்தீன் பைகளில் செருகி, மரத்துக்கு மரம் தொங்கவிட்டார்கள். பூக்கும் காலத்தில் தேனீப்பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைக்கும் பழக்கமும் அங்கே வேரூன்றியது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரி, பிளம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த அறிவு நேரடியாகப் பயன்படும். ஆனால் சமவெளியில் இருக்கும் நமக்கு மாமரம்தான் நெருக்கம். மாவில் கதை வேறு மாதிரி.

லக்னோவுக்கு அருகே காகோரிப் பக்கம் தசேரி என்ற சிற்றூர் இருக்கிறது. தசேரி மாம்பழம் அந்த ஊர் மரம் ஒன்றிலிருந்து வந்தது. மலிகாபாத் வட்டாரம் முழுக்க இந்த ரகத்தின் ஒட்டுகள்தான். 1962-இல் ஆர்.என். சிங், பி.கே. மஜும்தார், டி.கே. சர்மா ஆகிய மூவரும் தசேரி தன் மகரந்தத்தை ஏற்பதில்லை என்பதை ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். லங்கடா, சௌசா, பாம்பே கிரீன் ஆகியவற்றிலும் இதே குணம் இருப்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. வட இந்தியாவின் புகழ்பெற்ற ரகங்களில் பல இந்தக் கூட்டத்தில் அடங்கும்.

மாவில் நடப்பது ஆப்பிளில் நடப்பது போன்றதல்ல. இங்கே மகரந்தக்குழாய் நடுவழியில் நிற்பதில்லை. சூல் வரை போய்ச் சேர்கிறது, கருவுறுதலும் நடப்பதாகவே தெரிகிறது. அதன் பிறகு, ஏறத்தாழ இரண்டு வாரத்தில், கருவுக்கு உணவூட்ட வேண்டிய முளைசூழ்தசை சிதைந்துவிடுகிறது. கரு பட்டினியில் சாகிறது, பிஞ்சு உதிர்கிறது. வேறு ரக மகரந்தம் பட்ட பிஞ்சில் அந்தத் தசை இயல்பாக வளர்கிறது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆப்பிளில் ஒவ்வாமை பூவோடு முடிந்துவிடும், அதனால் பூ உதிர்வாகக் கண்ணுக்குத் தெரியும். மாவில் அது பிஞ்சு உதிர்வாகத் தெரியும். பிஞ்சைப் பார்த்து மகிழ்ந்த விவசாயிக்கு, காய் பிடித்த பிறகு ஏதோ பூச்சியோ சத்துக் குறைவோ வந்து உதிர்த்துவிட்டது போலத்தான் தோன்றும்.

மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கும். அவற்றில் ஒரு பகுதி வெறும் ஆண் பூ, மற்றது இருபால் பூ. நல்ல ஆண்டிலும் ஒரு கொத்தில் கடைசி வரை நிற்பவை ஒன்றிரண்டு காய்கள்தான். ஆகவே உதிர்வைக் கண்டதுமே ஒவ்வாமை என்று முடிவு கட்டக் கூடாது. வடக்கே ‘ஜும்கா’ என்று ஒரு கோளாறைச் சொல்வார்கள். கொத்தின் நுனியில் பட்டாணி அளவில் கரும்பச்சைப் பிஞ்சுகள் நெருக்கமாகத் தொங்கும், கோலிக்குண்டு அளவைத் தாண்டாமல் சுமார் ஒரு மாதத்தில் விழுந்துவிடும். அறுத்துப் பார்த்தால் உள்ளே விதை வளர்ந்திருக்காது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததன் அடையாளம் இது. ஒரே ரகமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். பூக்கும்போது குளிர் அதிகமாக இருந்தாலும், பூவில் பூச்சிமருந்து அடித்து ஈக்களைக் கொன்றுவிட்டாலும் இதே விளைவுதான். மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவதில் ஈக்களின் பங்கு பெரியது என்பதை மருந்து அடிக்கும் முன் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் குறையையே கருவியாக்கினார்கள் தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார். மாவில் கையால் மகரந்தம் வைத்துக் கலப்பினம் உண்டாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நூற்றுக்கணக்கான பூக்களில் வைத்தால் சில காய்களே மிஞ்சும். தசேரி தன்னை ஏற்காது என்று தெரிந்ததும் வேறு வழி பிறந்தது. தசேரி ஒட்டுச்செடியையும், அதற்குத் தந்தையாக வேண்டிய ரகத்தின் செடியையும் ஒரே வலைக்கூண்டுக்குள் வைத்து, வளர்த்த ஈக்களை உள்ளே விட்டார்கள். தசேரியில் பிடிக்கும் காய் எதுவானாலும் அது கலப்பாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் சொந்த மகரந்தத்தில் பிடித்தது நிற்காது. தசேரியையும் தென்னாட்டு நீலத்தையும் சேர்த்து அந்தக் கழகத்திலிருந்து 1970-களில் மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரண்டு ரகங்கள் வந்தன. மல்லிகாவில் நீலம் தாய், ஆம்ரபாலியில் தசேரி தாய். இன்று நம் நாற்றுப்பண்ணைகளில் மல்லிகா ஒட்டுக்கன்று கேட்டால் கிடைக்கிறது.

நம் பக்கத்து மாந்தோப்புகளில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், பழைய தோப்புகள் கலப்பாக இருந்தன. நீலம், ருமானி, பெங்களூரா, பங்கனப்பள்ளி எல்லாம் ஒன்றிரண்டாகவாவது இருக்கும், வேலியோரம் நாட்டு மா நிற்கும். ஏற்றுமதிக்கென்று ஒரே ரகத்தை நெருக்கமாக வைக்கும் புதுத் தோட்டங்களில் அந்தக் காப்பு இல்லை. வேலியோரத்து நாட்டு மரத்தை வெட்டும் முன் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

தெள்ளார்ப் பக்கத்து வறண்ட நிலத்துக்கு நெல்லி நன்றாக ஒத்துவரும், அதனால் அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். இப்போது விற்கும் ஒட்டு நெல்லி ரகங்களில் பல உத்தரப் பிரதேசத்தில் தெரிவு செய்யப்பட்டவை. பனாரசி, சகையா, பிரான்சிஸ் ஆகியவை பழையவை. பைசாபாத் அருகே குமார்கஞ்சில் இருக்கும் நரேந்திர தேவ் வேளாண் பல்கலைக்கழகம் இவற்றின் நாற்றுகளிலிருந்து புதியவற்றைப் பிரித்தெடுத்தது. பனாரசியிலிருந்து கிருஷ்ணா, சகையாவிலிருந்து காஞ்சன், பிரான்சிஸிலிருந்து என்.ஏ.7 வந்தன. நம் மாநிலத்தில் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர்.1 இருக்கிறது. நெல்லியில் தன்னொவ்வாமை முழுமையானதல்ல, ஓரளவுக்குத்தான். ஒரே ரகத் தோட்டம் அறவே காய்க்காமல் போகாது. காய்க்க வேண்டிய அளவுக்குக் காய்க்காது. ஏமாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

நெல்லிப் பூவைக் கிட்டே போய்ப் பார்க்காதவர்கள் ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது. இலைபோலத் தோன்றும் மெல்லிய சிறுகிளையில்தான் பூக்கள் இருக்கும். இலைக்கோணங்களில் கொத்துக் கொத்தாக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருப்பவை ஆண் பூக்கள். பெண் பூக்கள் சிலவே. சில கிளைகளின் மேல்பகுதியில் தனித்தனியாக, காம்பு தடித்து, நடுவே குண்டாக நிற்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிரிந்த சூல்முடி தெரியும். இந்த விகிதம் ரகத்துக்கு ரகம் மாறும். பனாரசியில் பெண் பூ மிகக் குறைவு, அது குறைவாகக் காய்க்கப் பெயர் வாங்கியதே அதனால்தான். என்.ஏ.7-இல் பெண் பூ அதிகம். ஆகவே காய் குறைந்த நெல்லித் தோட்டத்தில் முதல் வேலை, பல மரங்களில் சிறுகிளைகளை ஒடித்துப் பெண் பூக்களை எண்ணுவது. பெண் பூவே இல்லையென்றால் வேறு ரகம் கொண்டுவந்தும் பயனில்லை. இளம் மரங்கள் முதலில் ஆண் பூவை மட்டும் தருவதும் இயல்பு, பொறுத்திருக்க வேண்டியதுதான். பெண் பூ தாராளமாக இருந்தும் காய் நிற்கவில்லையென்றால்தான் மகரந்தத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: வட இந்தியாவில் மார்ச், ஏப்ரலில் கருவுற்ற நெல்லிப் பூ கோடை முழுவதும் அசையாமல் உறங்கும். ஆகஸ்ட் வாக்கில் மழை வந்த பிறகே காய் கண்ணுக்குத் தெரியும். பூத்து இரண்டு மாதமாகியும் காயைக் காணோமே என்று அங்கே யாரும் பதறுவதில்லை. தென்னாட்டில் நெல்லி பிப்ரவரி, மார்ச்சிலும் ஜூன், ஜூலையிலும் என்று இரண்டு முறை பூக்கும். முதல் பூவைப் பார்த்துவிட்டுக் கோடையிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

புதிதாக வைப்பவர்களுக்குக் கணக்கு எளிது. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 110 மரங்கள் நிற்கும். பத்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று என்று வையுங்கள். முதல் இரண்டு வரிசை என்.ஏ.7, அடுத்த இரண்டு கிருஷ்ணா, ஐந்தாவது வரிசை காஞ்சன்; பிறகு அதையே ஆறாவது வரிசையிலிருந்து திரும்பச் செய்யுங்கள். என்.ஏ.7-இல் 44, கிருஷ்ணாவில் 44, காஞ்சனில் 22 என்று வரும். எந்த மரமும் வேறு ரகத்திலிருந்து இரண்டு வரிசைக்கு மேல் தள்ளி நிற்காது. வரிசையாக வைப்பதால் அறுவடையில் ரகம் கலக்காது, வியாபாரிக்குத் தனித்தனியாக எடைபோட்டுக் கொடுக்கலாம். நெல்லி மகரந்தம் பெரும்பாலும் காற்றில் போகும், தேனீயும் உதவும். பூக்கும் பருவத்தில் எந்தப் பக்கத்துக் காற்று வீசுகிறதோ அதற்குக் குறுக்காக வரிசைகள் ஓடினால் ஒரு வரிசையின் மகரந்தம் அடுத்த வரிசைக்கு நன்றாகப் போய்ச் சேரும். மூன்று ரகங்களும் ஒரே வாரங்களில் பூக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கிய நிபந்தனை. ஒன்று பூத்து முடிந்த பிறகு மற்றது பூத்தால் எத்தனை ரகம் வைத்தும் ஒன்றுதான்.

டிராகன் பழத்தில் சோதனை செய்வது இன்னும் எளிது, ஏனென்றால் பூ பெரியது. வெள்ளைச் சதை உள்ள வகை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சிவப்புச் சதை உள்ள இனங்களில் பல காய்க்காது. இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தில் 1990-களில் யோசி மிஸ்ராஹி, அவினோம் நெர்ட் ஆகியோர் குழுவாகச் செய்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டின. இப்போது வரும் சில சிவப்புக் கலப்பினங்கள் தானே காய்க்கும்படி தெரிவு செய்யப்பட்டவை. சிவப்பு என்பதால் மட்டும் ஒவ்வாமை என்று சொல்லிவிட முடியாது, வெள்ளை என்பதால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் தூணில் இருக்கும் செடியை நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பூ அந்தி சாய்ந்ததும் விரியத் தொடங்கும், இரவில் முழுவதும் மலரும், மறுநாள் வெயில் ஏறும்போது வாடிவிடும். நூற்றுக்கணக்கான மகரந்தத்தாள்கள் வளையமாக இருக்க, நடுவிலிருந்து சூல்தண்டு வெளியே நீண்டு, நுனியில் பல விரல்களாகப் பிரிந்திருக்கும். சூல்முடி மகரந்தப்பைகளுக்கு மேலே எட்டி நிற்பதால், தானே காய்க்கக்கூடிய செடியிலும் மகரந்தம் தானாகப் போய் ஒட்டுவது குறைவு. இதன் தாயகத்தில் இரவு அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் அந்த வேலையைச் செய்கின்றன. நம் ஊரில் விடியற்காலையில் வரும் தேனீக்களே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. ஆகவே காய் பிடிக்காத டிராகன் தோட்டத்தில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன: மகரந்தத்தைக் கொண்டுபோக ஆளில்லையா, அல்லது கொண்டுபோனாலும் செடி ஏற்கவில்லையா?

இரண்டையும் பிரித்தறிய வெயிட் செய்த அதே சோதனை போதும். ஒரே இரவில் மலரப்போகும் மொட்டுகளை மாலையிலேயே பார்த்து நான்கு கூட்டமாகப் பிரித்து, வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துப் பூவாவது இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கும் பூவும் தற்செயலாக விழுவதுண்டு. முதல் கூட்டத்தை அப்படியே திறந்து விடுங்கள். மற்ற மூன்று கூட்டங்களையும் மலரும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். மூடியவற்றில் இரண்டாவது கூட்டத்தைத் தொட வேண்டாம். மூன்றாவதுக்கு அதே செடியின் மகரந்தத்தை இரவு மலர்ந்த பிறகு தூரிகையால் எடுத்துச் சூல்முடியின் விரல்கள் எல்லாவற்றிலும் பூசிப் பையை மறுபடி கட்டுங்கள். நான்காவதுக்கு வேறொரு ரகத்தின் மகரந்தத்தை, வேறு தூரிகையால் பூசிக் கட்டுங்கள். காய் பிடிக்காத பூ சுமார் ஒரு வாரத்தில் அடியிலிருந்து மஞ்சளாகி உதிரும். பிடித்தது பச்சையாக நின்று பருக்கத் தொடங்கும்.

மூன்றாவது விழுந்து நான்காவது நின்றால் தன்னொவ்வாமை. மூன்றாவதும் நான்காவதும் நின்று முதலாவது விழுந்தால் செடியில் குறையில்லை, மகரந்தம் சுமப்பவர் இல்லை. தேனீப்பெட்டியோ கை வேலையோ தேவை. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து விழுந்தால் மகரந்தத்தை விட்டுவிட்டு வேர், தண்ணீர், சத்து, மழையில் நனைந்த பூ என்று வேறு பக்கம் தேட வேண்டும். முதலாவது, மூன்றாவது, நான்காவது எல்லாமே நின்றால் சிக்கலே இல்லை. மூன்றாவது நின்றாலும் காயின் எடையை நிறுத்துப் பாருங்கள். டிராகன் பழத்தில் சதை விதைகளோடு சேர்ந்து வளர்கிறது. ஓரளவே ஒத்துப்போகும் மகரந்தத்தில் விதை குறையும், காய் சிறுக்கும். நான்காவது கூட்டத்துக் காய் கணிசமாகப் பெரிதாக இருந்தால், அந்தச் செடிக்கும் துணை ரகம் வேண்டும் என்று பொருள்.

துணை ரகம் அதே இரவில் பூக்காவிட்டால் முன்பே மகரந்தத்தைச் சேமித்து வைக்கலாம். நன்றாகக் காய வைத்த மகரந்தத்தைக் காற்றுப் புகாத சிறு குப்பியில் அடைத்து, உறைபெட்டியில் வைத்தால் அந்தப் பருவம் முழுவதும் பயன்படுத்த முடியும். ஈரத்தோடு அடைத்தால் செத்துவிடும். தோட்டக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஈரத்தில்தான்.

எல்லாக் காய்ப்பின்மையையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சீதாப்பழத்தைப் பாருங்கள். அதன் பூவில் முதலில் சூல்முடி தயாராகும், மகரந்தம் வெளிவரும்போது சூல்முடி காய்ந்திருக்கும். அங்கே ஒவ்வாமை இல்லை, நேரம் பொருந்தவில்லை. அதே மரத்தின் இன்னொரு பூவிலிருந்து மகரந்தம் எடுத்து வைத்தாலே காய்க்கும். பப்பாளியின் பல ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மருந்து வேறு வேறு என்பதால் நோயையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

தன்னொவ்வாமை எப்போதும் நட்டமும் அல்ல. எலுமிச்சைக் குடும்பத்தில் பம்பளிமாஸ் தன் மகரந்தத்தை ஏற்காது. கிளெமன்டைன் என்ற சிறு ஆரஞ்சும் ஏற்காது, ஆனால் கருவுறாமலே காயை நிறுத்திக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. தனியாக வைத்தால் விதையில்லாப் பழம் கிடைக்கும், சந்தையில் அதற்குத்தான் விலை. பக்கத்தில் வேறு ரகம் வந்து தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்துவிட்டால் பழம் நிறைய விதை. அந்தத் தோட்டக்காரர்கள் பூக்கும் காலத்தில் மரங்களை வலைபோட்டு மூடித் தேனீயைத் தடுக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரே ரகமாக நெல்லி வைத்து மரம் பெரிதாகிவிட்டவர்கள் தோட்டத்தை அழிக்கத் தேவையில்லை. ஐந்து வரிசைக்கு ஒரு வரிசையைத் தேர்ந்து, குளிர்காலக் கடைசியில் கிளைகளை வெட்டிவிடுங்கள். வரும் தளிர்களில் நல்லவற்றை மட்டும் நான்கைந்து விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பென்சில் பருமன் வந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில் வேறு ரகத்தின் மொட்டை ஒட்டுப்போடலாம். பட்டையைச் சதுரமாக எடுத்து, அதே அளவு மொட்டுப்பட்டையை வைத்துக் கட்டுவதுதான் நெல்லிக்கு நன்றாகப் பிடிக்கும் முறை. கட்டுக்குக் கீழே வரும் பழைய தளிரைத் தொடர்ந்து கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அதுவே மேலேறி ஒட்டை அமுக்கிவிடும். ஒரு வரிசை முழுவதும் இழக்க மனமில்லாதவர்கள் மரத்துக்கு ஒரு கிளை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்தக் கிளையில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கவாத்து செய்ய வரும் ஆள் முதலில் அதைத்தான் வெட்டுவார். மொட்டு வாங்கும்போது ரகத்தின் பெயரோடு எந்தத் தாய் மரத்திலிருந்து எடுத்தது என்றும் நாற்றுப்பண்ணையில் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரே தாய் மரம் இருந்தால், ஒட்டுப்போட்ட உழைப்பு முழுவதும் வீண்.